சர்க்கரை எதிர்மாறலைப் போலாரிமீட்டரில் பின்தொடர்வது: முதல் ரீடிங்கிலிருந்து ரெக்கார்டு வரை

சர்க்கரைக் கரைசலில் அமிலத்தை ஊற்றியதும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நிறம் மாறாது, குமிழி வராது, வீழ்படிவும் இல்லை. ஆனால் அந்தக் கரைசலைக் குழாயில் ஊற்றிப் போலாரிமீட்டரில் வைத்துப் பார்த்தால், முதலில் 13 பாகை வலப்பக்கம் திரும்பியிருந்த ஒளி மெல்ல மெல்லக் குறைந்து, பூஜ்யத்தைத் தாண்டி, இடப்பக்கம் போய் நிற்கும். வலஞ்சுழி இடஞ்சுழியாக மாறுவதால்தான் இதற்கு எதிர்மாறல் என்று பெயர். 1850-இல் லுட்விக் வில்ஹெல்மி இதே வினையை இதே முறையில் அளந்துதான், வினைவேகம் மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று காட்டினார். வினைவேகவியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சோதனை எளிது. ஆனால் இரண்டு இடங்களில் கோட்டை விட்டால் ரெக்கார்டில் அழகான நேர்கோடு இருக்கும், வேக மாறிலி மட்டும் தப்பாக இருக்கும். ஒன்று வெப்பநிலை. இன்னொன்று வினை முழுதாக முடிந்த பிறகு எடுக்கும் கடைசி ரீடிங், அதாவது α∞. அதனால் இந்த இரண்டிலும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

சர்க்கரையின் அளவை ஏன் கோணத்தால் சொல்ல முடிகிறது

சுக்ரோஸின் தன் சுழற்சி +66.5°. அது நீருடன் வினைபுரிந்து உடையும்போது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கிடைக்கின்றன. குளுக்கோஸ் சுமார் +52.7°, ஃப்ரக்டோஸ் சுமார் −92°. இரண்டும் சம மோல் அளவில் இருப்பதால் ஃப்ரக்டோஸின் இடஞ்சுழிதான் ஜெயிக்கும்.

எந்த நேரத்திலும் குழாயில் மூன்று சர்க்கரைகளும் கலந்துதான் இருக்கின்றன. நாம் படிப்பது மூன்றின் கூட்டுத்தொகையை. அப்படியிருக்க, சுக்ரோஸை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? இங்கேதான் α∞ வருகிறது. ஒவ்வொரு சர்க்கரையின் பங்கும் அதன் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மொத்தச் சுழற்சி சுக்ரோஸின் செறிவோடு நேர்கோட்டில் மாறும். சுக்ரோஸ் முழுதும் தீர்ந்த நிலையின் மதிப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சுக்ரோஸுக்கு மட்டுமே விகிதமாக இருக்கும். ஆகவே (αt − α∞) என்பது t நேரத்தில் சுக்ரோஸின் செறிவான c-க்கு விகிதம். (α0 − α∞) என்பது தொடக்கச் செறிவான c0-க்கு விகிதம். இதை வைத்து முதல் வகைச் சமன்பாட்டை எழுதினால்:

```
ln(αt − α∞) = ln(α0 − α∞) − k t
```

ரெக்கார்டில் கோட்பாட்டுப் பகுதிக்கு இந்த ஒரு பத்தியும் இந்தச் சமன்பாடும் போதும். இதைச் சொல்லாமல் நேராகச் சூத்திரத்தை எழுதிவிட்டு, "α-வும் c-யும் ஒன்றா?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் முழிப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு வாக்கியமும் அங்கே வேண்டும். உண்மையில் வேகம் சுக்ரோஸ், நீர், ஹைட்ரஜன் அயனி மூன்றையும் சார்ந்தது. ஆனால் நீர் லிட்டருக்கு 50 மோலுக்கு மேல் இருக்கிறது, சுக்ரோஸ் 0.29 மோல்தான். சுக்ரோஸ் அத்தனையும் தீர்ந்தாலும் நீரின் அளவு ஒரு சதவீதம்கூடக் குறையாது. அமிலம் வினையூக்கி, அது செலவாவதே இல்லை. அதனால்தான் இது போலி முதல் வகை வினை. நாம் கண்டுபிடிக்கும் k-க்குள் அமிலத்தின் செறிவு ஒளிந்திருக்கிறது. எனவே அமிலச் செறிவையும் வெப்பநிலையையும் சொல்லாமல் k-யை மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

தயாரிப்பு

20 கிராம் சுக்ரோஸை நீரில் கரைத்து, அளவுக்குடுவையில் 100 மி.லி.க்குக் கொண்டுவாருங்கள். கலங்கலாக இருந்தால் வடிகட்டுங்கள்; கலங்கல் இருந்தால் பார்வைப்புலம் மங்கி, ஒளியைச் சமன்செய்வது பெரும்பாடாகிவிடும். தனியாக 2 M ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். இரண்டிலும் 25 மி.லி. பிப்பெட்டில் எடுத்து இரண்டு கூம்புக் குடுவைகளில் ஊற்றி, 25 °C நீர்த்தொட்டியில் கால் மணி நேரமாவது வையுங்கள். கலந்த பிறகு இரண்டும் பாதியாகும்: 100 மி.லி.க்கு 10 கிராம் சர்க்கரை, 1 M அமிலம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. குழாயில், அதாவது 2 டெசிமீட்டரில், தொடக்கச் சுழற்சி எவ்வளவு இருக்க வேண்டும்?

```
α0 = 66.5 × 2 × 0.10 = +13.3°
```

α0-வை நேரடியாக அளக்கவே முடியாது, ஏனென்றால் குழாயை நிரப்பி மூடுவதற்குள் வினை தொடங்கிவிடும். ஆனால் வரைபடத்தின் வெட்டுத்துண்டிலிருந்து அதைத் திரும்பப் பெறலாம். அது 13.3-க்குப் பக்கத்தில் வருகிறதா என்பது கடைசியில் நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி.

சோடியம் விளக்கைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே போட்டுவிடுங்கள். மஞ்சள் நிறம் நிலைத்த பிறகு, குழாயில் வாலை வடிநீரை நிரப்பிப் பூஜ்ய ரீடிங் எடுங்கள். பார்வைப்புலம் முழுதும் ஒரே சீராக மங்கலாக இருக்கும் இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். சீராகப் பளிச்சென்று தெரியும் இடமும் ஒன்று உண்டு. புதியவர்கள் பலர் அதில் ஏமாறுவார்கள். அங்கே திருகை ஐந்து பாகை நகர்த்தினாலும் பெரிய மாற்றம் தெரியாது. மங்கலான இடத்தில் கால் பாகை நகர்த்தினாலே ஒரு பக்கம் வெளுத்துவிடும். இதுதான் அடையாளம்.

குழாயின் மூடியை இறுக்கித் திருகாதீர்கள். ஒழுகாத அளவு போதும். அதிக அழுத்தம் பட்டால் முனையிலுள்ள கண்ணாடித் தகட்டில் தகைவு உண்டாகி அதுவே ஒளியின் முனைவாக்கத்தைக் கெடுக்கும், பூஜ்யமும் நகரும்.

கலப்பதும் ரீடிங் எடுப்பதும்

அமிலத்தைச் சர்க்கரைக் கரைசலில் ஊற்றுங்கள். பாதி ஊற்றியதும் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். நன்றாகக் குலுக்கி, அதே கலவையால் குழாயை இரண்டு முறை அலசி, நிரப்பி, குமிழி இருந்தால் குழாயின் உப்பலான பகுதிக்கு ஓட்டிவிட்டு மூடுங்கள். வெளிப்புறத்தைத் துடைத்த பிறகே கருவிக்குள் வையுங்கள். ஒரு சொட்டு அமிலம் உள்ளே விழுந்தாலும் உலோகத் தொட்டி அரித்துவிடும். மிச்சக் கலவையைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் α∞-க்கு வேண்டியது.

தொடக்கத்தில் சுழற்சி நிமிடத்துக்கு 0.2 பாகைக்கு மேல் குறையும். அதனால் "5-ஆவது நிமிடம்" என்று நேரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு திருகோடு மல்லுக்கட்டாதீர்கள். முதலில் புலத்தைச் சமன்செய்யுங்கள், சமனான அந்த நொடியில் கடிகாரத்தைப் படியுங்கள், அப்புறம் நிதானமாக அளவுகோலைப் படியுங்கள். நேரம் 5 நிமிடம் 20 நொடி என்று வந்தால் 5.33 என்றே எழுதுங்கள். நேரம் முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்தச் செறிவில் 113-ஆவது நிமிடம் வாக்கில் ரீடிங் பூஜ்யத்தைக் கடக்கும். வினை முடிந்துவிட்டது என்று அங்கே நிறுத்துகிறவர்கள் உண்டு. உண்மையில் அப்போது 24 சதவீதம் சுக்ரோஸ் மிச்சமிருக்கிறது. வலப்பக்கமும் இடப்பக்கமும் சரிக்குச் சரி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தாண்டிய பிறகு 180° அளவுகோலில் 179.65 என்று தெரிவதை −0.35 என்று படிக்க வேண்டும். நான் முதன்முதலில் செய்தபோது அதை 0.35 என்று நேர்க்குறியில் எழுதிவிட்டு, கடைசிப் புள்ளி ஏன் கோட்டைவிட்டு எகிறுகிறது என்று ஒரு மாலை முழுதும் தேடினேன்.

α∞: அவசரப்பட்டால் தொலைந்தது

இந்த நிலைமைகளில் அரை வாழ்காலம் சுமார் 54 நிமிடம். மொத்த மாற்றம் 17.4 பாகை. ஐந்து அரை வாழ்காலம், அதாவது நாலரை மணி நேரம் காத்திருந்தாலும் அதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அரைப் பாகைக்கு மேல், இன்னும் பாக்கி இருக்கும். எட்டு அரை வாழ்காலம் கழித்துத்தான் பாக்கி 0.07 பாகையாகக் குறைகிறது. எனவே ஒன்று, குடுவையை மூடி ஒரு நாள் விட்டுவிடுங்கள். இல்லை, மிச்சக் கலவையை இறுக மூடி 60 °C நீர்த்தொட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். அந்தச் சூட்டில் வினை ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாக ஓடும், எனவே இந்த நேரம் தாராளம்.

சூடாக்குவதில் இரண்டு பொறிகள் உண்டு. சீக்கிரம் முடியட்டும் என்று கொதிக்கவைத்தால் ஃப்ரக்டோஸ் அமிலத்தில் சிதைந்து கரைசல் மஞ்சளாகும். மஞ்சள் நிறம் தெரிந்தால் அந்த α∞ செல்லாது. இரண்டாவது, சூட்டோடு சூடாக அளப்பது. ஃப்ரக்டோஸின் சுழற்சி வெப்பநிலையால் நன்றாக மாறும். நம்முடைய கரைசலில் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.07° அளவுக்கு எதிர்க்குறி மதிப்பு குறையும். 25 °C-க்கு முழுதாக ஆறிய பிறகே அளக்க வேண்டும்.

எதிர்பார்க்க வேண்டிய மதிப்புக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது:

```
α∞ = −α0 (0.44 − 0.005 T)
```

T செல்சியசில். 25-இல் இது −4.2 தருகிறது. உங்கள் α∞ −3.5 என்று வந்தால் வினை முடியவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

ஒரு முழுக் கணக்கு

பூஜ்யத் திருத்தம் செய்த மாதிரி ரீடிங்குகள் இவை. 25 °C, 1 M அமிலம், α∞ = −4.10°.

| t (நிமிடம்) | αt (°) | αt − α∞ | ln(αt − α∞) |
|---|---|---|---|
| 5 | 12.20 | 16.30 | 2.791 |
| 10 | 11.25 | 15.35 | 2.731 |
| 20 | 9.35 | 13.45 | 2.599 |
| 30 | 7.75 | 11.85 | 2.472 |
| 45 | 5.70 | 9.80 | 2.282 |
| 60 | 3.95 | 8.05 | 2.086 |
| 80 | 2.15 | 6.25 | 1.833 |
| 100 | 0.75 | 4.85 | 1.579 |
| 120 | −0.35 | 3.75 | 1.322 |

மூன்றாவது நிரலில்தான் குறித் தவறு நுழையும். 3.95 − (−4.10) என்பது 8.05, கழித்தல் அல்ல, கூட்டல். கடைசி வரிசையில் −0.35 + 4.10 = 3.75.

விரிதாளில் போடுவதானால் α∞ மதிப்பை D1 கட்டத்தில் வையுங்கள். நேரம் A2 முதல் A10 வரை, கோணம் B2 முதல் B10 வரை இருக்கட்டும். முதல் வரியை C2-இல் இட்டு C10 வரை இழுத்துவிடுங்கள்:

```
=LN(B2-$D$1)
=SLOPE(C2:C10,A2:A10)
=INTERCEPT(C2:C10,A2:A10)
```

சாய்வு −0.01279. ஆகவே k = 0.01279 நிமிடம்⁻¹, அதாவது 2.13 × 10⁻⁴ நொடி⁻¹. அரை வாழ்காலம் 0.693/0.01279 = 54.2 நிமிடம். வெட்டுத்துண்டு 2.856, அதன் எதிர்மடக்கை 17.39. இதோடு α∞-ஐக் கூட்டினால் α0 = 13.29°. முதலில் போட்டு வைத்த 13.3-உடன் ஒத்துப்போகிறது. எடையும் குழாய் நீளமும் நேரக் கணக்கும் சரி என்று இந்த ஓர் எண் சொல்லிவிடுகிறது. இதை ரெக்கார்டில் கட்டாயம் எழுதுங்கள்.

இப்போது α∞-ஐ அவசரத்தில் −3.70 என்று எடுத்திருந்தால் என்ன ஆகும்? முதல் வித்தியாசம் 15.90, கடைசி 3.35. இந்த இரண்டு முனைகளை மட்டும் வைத்துப் பார்த்தாலே k 0.0135 ஆகிவிடுகிறது, ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல். இதில் கெட்டது என்னவென்றால், கோடு பார்வைக்கு இன்னும் நேராகவே இருக்கும், R² 0.99-க்கு மேலேயே இருக்கும். தவறு தெரிவது விலகல்களில்தான். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே கீழே இருக்கிறது என்று தனியாக வரைந்து பாருங்கள். மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தால் நல்லது. இரு முனைகளும் கீழே, நடுப்பகுதி மேலே என்று வில்போல் வளைந்தால், எடுத்த α∞ உண்மையைவிட மேலே நிற்கிறது, வினை முடிவதற்குள் அளந்துவிட்டீர்கள். நேர் எதிராக வளைந்தால் α∞ அளவுக்கு மீறி எதிர்க்குறியில் இருக்கிறது. குடுவை சரியாக மூடாமல் நீர் ஆவியாகிச் செறிவு கூடியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

α∞ கெட்டே போய்விட்டது, கரைசலையும் கொட்டியாயிற்று என்றால் ஒரு வழி இருக்கிறது. குக்கன்ஹைம் முறையில் ஒரே இடைவெளியில் இருக்கும் இரண்டு ரீடிங்குகளைக் கழித்தால் α∞ தானே அடிபட்டுப்போகும். நம் அட்டவணையில் 60 நிமிட இடைவெளி எடுப்போம்: 20-க்கும் 80-க்கும் வித்தியாசம் 7.20, 60-க்கும் 120-க்கும் 4.30. ln(7.20/4.30) = 0.515, இதை 40 நிமிடத்தால் வகுத்தால் 0.0129. நன்றாகவே வருகிறது. ஆனால் இந்த இடைவெளி இரண்டு மூன்று அரை வாழ்காலமாவது இருந்தால்தான் நம்பலாம், எனவே ஆபத்துக்கு உதவும் வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிழையை நேர்மையாக எழுதுவது

LINEST கொடுத்துப் பார்த்தால் சாய்வின் திட்டப்பிழை 0.00002 என்று வரும். அதை அப்படியே "k = 0.01279 ± 0.00002" என்று எழுதினால் ஆய்வகம் தெரிந்தவர் சிரிப்பார். அந்த எண் புள்ளிகள் கோட்டில் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறது. எல்லாப் புள்ளிகளையும் ஒரே பக்கம் இழுக்கும் பிழையை அது அறியாது.

இங்கே அப்படி இழுப்பது முதன்மையாக வெப்பநிலை. இந்த வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 108 கி.ஜூல். 25 °C-ஐ ஒட்டி ஒரு பாகை மாறினால் k ஏறத்தாழ 15 சதவீதம் மாறும். 25-இலிருந்து 35-க்குப் போனால் நாலு மடங்குக்கு மேல். குழாயைச் சுற்றி நீர் ஓடும் உறை இல்லை, அறை வெப்பநிலை அரைப் பாகை ஏறி இறங்கியது என்றால் அதுவே 7 சதவீதம். எனவே நம்முடைய முடிவை இப்படி எழுதுவதே நியாயம்: k = (1.28 ± 0.09) × 10⁻² நிமிடம்⁻¹, 25.0 ± 0.5 °C, 1 M HCl. உறை இருந்து வெப்பநிலை 0.1 பாகைக்குள் நின்றிருந்தால் அந்தப் பங்கு 1.5 சதவீதமாகச் சுருங்கும். அதற்குப் பிறகுதான் α∞, அமிலச் செறிவு ஆகியவற்றின் பிழைகளுக்கு முக்கியத்துவம் வரும்.

பூஜ்யப் பிழையைப் பற்றி ரெக்கார்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களும் உண்டு. அது எல்லா ரீடிங்கிலும் ஒரே அளவாக இருந்தால் (αt − α∞)-இல் தானாகவே கழிந்துவிடும், k-யைத் தொடாது. α0-வை 13.3-உடன் ஒப்பிடும்போது மட்டும்தான் அது தலைகாட்டும்.

விவாதப் பகுதியில் என்ன எழுதலாம்

கிடைத்த மதிப்பை அறிந்த மதிப்போடு ஒப்பிடுங்கள், ஆனால் அதே அமிலச் செறிவில். 25 °C-இல் 0.9 M அமிலத்துக்கு k சுமார் 0.0112 நிமிடம்⁻¹. 1 M-க்கு நேர்விகிதமாகக் கணக்குப் போட்டால் 0.0124 வரும், நமக்குக் கிடைத்தது 0.0128. இந்த வித்தியாசம் நம் பிழை எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது: இந்த வினையில் k அமிலச் செறிவைவிடச் சற்று வேகமாகவே ஏறுகிறது, ஏனென்றால் அடர்ந்த அமிலத்தில் அதன் புரோட்டான் ஏற்றும் திறன் செறிவைவிட வேகமாகக் கூடுகிறது. நம்முடைய ஒரே சோதனை இதை நிரூபிக்காது, 0.5 M-இலும் 1.5 M-இலும் இன்னும் இரண்டு ஓட்டங்கள் எடுத்தால்தான் சொல்ல முடியும். அப்படியே எழுதுங்கள்.

கேட்கப்படக்கூடிய இன்னொரு கேள்வி: குளுக்கோஸுக்கு α, β என்று இரண்டு வடிவங்கள் உண்டு, இந்த α நம் கோணத்தின் α அல்ல; சுக்ரோஸ் உடைந்ததும் வெளிவரும் குளுக்கோஸ் α வடிவில் இருக்கும், அது பிறகு β-வுடன் சமநிலைக்கு வரும்போது சுழற்சி மாறாதா? மாறும். ஆனால் 1 M அமிலத்தில் அந்த மாற்றம் எதிர்மாறலைவிட மிக வேகமாக நடந்து முடிந்துவிடுகிறது, நம் கோணத்தில் தடம் பதிவதில்லை. இதே சோதனையை இன்வர்டேஸ் நொதியை வைத்துச் செய்தால் கதை வேறு. அங்கே அமிலம் இல்லாததால் அந்த மாற்றம் மெதுவாக நடக்கும். ஒவ்வொரு ரீடிங்குக்கும் முன் சிறிதளவு காரம் சேர்த்து நொதியை நிறுத்தி, குளுக்கோஸையும் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகே கோணத்தை அளக்க வேண்டும்.